இரண்டு கிலோ ஃபில்டரைப் பரணில் ஏற்றிய கதை

திருச்சி பக்கம் சின்னதாக ஒரு டிபன் ஓட்டல் நடத்துகிறேன். காலை ஆறு மணிக்குக் கதவைத் திறந்தால் பத்து மணி வரைக்கும் சுமார் 160 காபி போகும், டீ தனி. இட்லி, பொங்கலைப் பற்றி யாரும் பெரிதாகக் குறை சொன்னதில்லை, காபியைப் பற்றித்தான் ஒரு முணுமுணுப்பு இருந்துகொண்டே இருந்தது. தினமும் வரும் ஒரு பெரியவர், ரிட்டயர்டு ஆசிரியர், ஆறேகாலுக்கு நடைப்பயிற்சி போகும்போது ஒரு காபி, ஒன்பதேகாலுக்குப் பேப்பர் படித்து முடித்ததும் இன்னொன்று குடிப்பார். ஒருநாள் இரண்டாவது டம்ளரை அப்படியே கல்லாவில் கொண்டுவந்து வைத்துவிட்டு, "தம்பி, காலைல குடுத்ததும் இதும் ஒரே கடை காபிதானா?" என்றார். அவர் கோபமாகக் கேட்டிருந்தால்கூடப் பரவாயில்லை, நிஜமாகவே சந்தேகம் வந்து கேட்டார். டம்ளரை வாங்கி நானே ஒரு வாய் குடித்துப் பார்த்தேன். தண்ணியாக இருந்தது, போதாததற்குக் கொஞ்சம் புளிப்பு வேறு.

அன்றுவரை எங்கள் முறை இதுதான். 2 கிலோ பிடிக்கிற பெரிய ஃபில்டர் ஒன்று, அப்பா காலத்தில் வாங்கியது. விடியற்காலை மூன்றே முக்காலுக்கு மாஸ்டர் பொடியைக் கொட்டிக் கொதிநீரை ஊற்றுவார், மேல்பாத்திரத்தில் மொத்தத் தண்ணீரும் ஒரே நேரத்தில் கொள்ளாது என்பதால் மூன்று தவணையாக. ஆறு மணிக்குள் முக்கால்வாசி இறங்கியிருக்கும், அடியில் இருக்கும் குழாயைத் திறந்து டிகாஷன் பிடிக்க ஆரம்பிப்பார். மீதி தன்பாட்டுக்குச் சொட்டிக்கொண்டே இருக்கும். டிகாஷன் ஆறிவிட்டது என்று தோன்றினால் கொஞ்சம் சட்டியில் பிடித்து அடுப்பில் காட்டுவார். இதில் தப்பு என்று எனக்கு எதுவும் தெரிந்ததில்லை, வீட்டில் செய்வதைப் பெரிய அளவில் செய்கிறோம், அவ்வளவுதானே என்று நினைத்திருந்தேன்.

அந்த நினைப்புதான் தப்பு என்பது ஒரு ஸ்கேலை எடுத்து அளந்தபோது தெரிந்தது. வீட்டு ஃபில்டரில் 40 கிராம் பொடி போட்டால் அது இரண்டரை, மூன்று சென்டிமீட்டர் உயரத்துக்குத்தான் நிற்கிறது. கடையின் ஃபில்டர் 24 சென்டிமீட்டர் அகலம், அதில் 2 கிலோ கொட்டினால் கிட்டத்தட்ட 12 சென்டிமீட்டர் உயரம். பொடியின் எடை கூடக் கூடப் பாத்திரத்தின் அடிப்பரப்பும் அதே விகிதத்தில் கூடினால் பிரச்சினை இல்லை. ஆனால் பெரிய ஃபில்டர் எல்லாம் அகலத்தைவிட உயரத்தில்தான் வளர்ந்திருக்கின்றன. தண்ணீர் கடக்க வேண்டிய பொடிமெத்தை நான்கு மடங்கு தடித்துவிட்டது. அதோடு மேலே இருக்கிற ஈரப்பொடியின் பாரமும் தண்ணீரின் பாரமும் அடிப்பொடியை அமுக்கி இறுக்குகிறது, பொடியில் இருக்கிற நைசான தூள் தண்ணீரோடு கீழே போய் ஓட்டைகளுக்குப் பக்கத்தில் அடைகிறது. அதனால் வீட்டில் இருபது நிமிடத்தில் இறங்குவது இங்கே எண்பது நிமிடத்தில்கூட இறங்காது, இரண்டரை மணி நேரம் இழுக்கும். ஒரு தெர்மாமீட்டர் வாங்கி அடிப்பாத்திரத்தில் விட்டுப் பார்த்தேன், ஆறு மணிக்கு டிகாஷன் 58 டிகிரியில் இருந்தது. கொதிக்கக் கொதிக்க ஊற்றிய தண்ணீர் அது. மாஸ்டர் ஏன் அடுப்பில் காட்டுகிறார் என்பது அப்போதுதான் புரிந்தது, பாவம் அவர் வேறு என்ன செய்வார்.

சரி, ஆறிப்போவதற்குக் காரணம் இது. ஆனால் காலையில் கெட்டியாகவும் ஒன்பது மணிக்குத் தண்ணியாகவும் இருப்பதற்குக் காரணம் வேறு, அது இன்னும் எளிமையானது, இத்தனை வருடம் கண்ணில் படவில்லை என்று நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. ஃபில்டரில் முதலில் சொட்டுவது சாறு மாதிரி கெட்டி. போகப் போக நீர்த்துக்கொண்டே வரும், கடைசியில் சொட்டுவது வெறும் கலர் தண்ணீர். கெட்டியான டிகாஷன் கனமானது, அது அடியில் தங்கிவிடும், பின்னால் வரும் தண்ணி டிகாஷன் அதன் மேல் மிதக்கிற மாதிரி நிற்கும். தானாகக் கலக்காது. குழாய் இருப்பதோ அடியில். ஆக ஆறு மணிக்கு வருகிறவருக்கு அடிச்சாறு, ஒன்பது மணிக்கு வருகிறவருக்கு மேல்தண்ணீர்.

இதை மாஸ்டர் நம்பவில்லை. "எல்லாம் ஒரே பாத்திரத்துல இருக்கறதுதானண்ணே" என்றார். ஒரே பாலில், ஒரே அளவில், குழாயில் பிடித்த டிகாஷனில் ஒரு டம்ளரும், மூடியைத் திறந்து மேலாகக் கரண்டியில் எடுத்த டிகாஷனில் ஒரு டம்ளரும் கலந்து பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். ஒன்று நல்ல செம்பழுப்பு, இன்னொன்று காய்ச்சல்காரனுக்குக் கொடுக்கிற மாதிரி வெளிறிப்போய் இருந்தது. நீளக் கரண்டியை விட்டு அடியிலிருந்து மேலாக ஏழெட்டு முறை கலக்கிவிட்டு மறுபடி அதே சோதனை, இரண்டு டம்ளருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. இதைப் படிக்கிறவர்கள் வேறு எதையும் மாற்றாவிட்டாலும் இதை ஒன்றை மட்டும் செய்து பாருங்கள், டிகாஷன் முழுக்க இறங்கியதும் கலக்கிவிட்டு அப்புறம் பிடியுங்கள். இறங்கிக்கொண்டிருக்கும்போதே பிடிப்பது பெரிய தப்பு.

இனி கணக்குக்கு வருகிறேன். எங்கள் டம்ளரில் காபி 120 மில்லி. அதில் 35 மில்லி டிகாஷன், மீதி பால். 160 காபிக்கு 5.6 லிட்டர் டிகாஷன் வேண்டும். எவ்வளவு தண்ணீர் ஊற்றினால் அவ்வளவு டிகாஷன் வரும்? இங்கேதான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். காபிப்பொடி தன் எடையைப் போல் இரண்டு மடங்கு தண்ணீரைக் குடித்துவிட்டுத் திருப்பித் தராது. 500 கிராம் பொடியில் 2.5 லிட்டர் தண்ணீர் ஊற்றினால் ஒரு லிட்டரைப் பொடியே வைத்துக்கொள்ளும், கீழே வருவது 1.5 லிட்டர்தான். நான் பலமுறை அளந்திருக்கிறேன், 1.45க்கும் 1.5க்கும் நடுவில் நிற்கிறது. 35 மில்லி வீதம் பார்த்தால் 42 காபி. அதாவது ஒரு காபிக்கு சுமார் 12 கிராம் பொடி. வீட்டில் குடிக்கிற தரத்துக்கு இது சரியாக வருகிறது. ஒரு கிலோவில் 120 காபி எடுக்கிறோம் என்று சொல்கிறவர்களையும் பார்த்திருக்கிறேன், எடுக்கலாம்தான், சிக்கரி அதிகமாகப் போட்டுத் தண்ணீரையும் கூட ஊற்றினால் நிறம் வந்துவிடும். குடித்து முடித்தபின் வாயில் நிற்க வேண்டிய வாசனைதான் வராது.

ஆக நான்கு தடவை 500 கிராம் போட்டால் ஆறு லிட்டர், 168 காபி. ஒரே தடவை 2 கிலோ போடுவதற்குப் பதில் இப்படி நான்காக உடைப்பது என்று முடிவு செய்தேன். 500 கிராமுக்கு 18 சென்டிமீட்டர் அகலமும் 15 சென்டிமீட்டர் உயரமும் உள்ள மேல்பாத்திரம் கொண்ட எவர்சில்வர் ஃபில்டர் இரண்டு வாங்கினேன். அதில் பொடி 5 சென்டிமீட்டர் உயரத்துக்கு நிற்கும். பாத்திரக் கடையில் "அரைக்கிலோ ஃபில்டர்" என்று கேட்டால் ஒல்லியாக நெட்டையாக ஒன்றை எடுத்துக் கொடுப்பார்கள், அது வேண்டாம். கையோடு ஒரு ஸ்கேல் கொண்டுபோய் அகலத்தை அளந்து வாங்குங்கள். கடைக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார், பார்த்துவிட்டுப் போகட்டும்.

இப்போது தினமும் செய்கிற முறை. மேல்பாத்திரத்தையும் கீழ்ப்பாத்திரத்தையும் முதலில் கொதிநீர் ஊற்றிச் சூடாக்கிக் கொட்டிவிட்டு நன்றாகத் துடைக்கிறோம், சில்லென்ற எவர்சில்வர் தண்ணீரின் சூட்டை முதல் நிமிடத்திலேயே தின்றுவிடும். பொடியைக் கட்டாயம் தராசில் நிறுத்துப் போடுகிறோம், கரண்டிக் கணக்கு கிடையாது, ஏனென்றால் பொடி புதிதாக இருக்கும்போது ஒரு கரண்டியில் நிற்கிற எடையும் டப்பாவில் அழுந்திக் கிடந்தபின் நிற்கிற எடையும் வேறு. போட்டபின் பாத்திரத்தைப் பக்கவாட்டில் இரண்டு தட்டு தட்டிச் சமன் செய்து, குடைத்தட்டை மேலே வைத்து லேசாக ஒரு அழுத்து, தோசை மாவு மூடியை மூடுகிற அழுத்தம் போதும். மாஸ்டர் முதலில் தன் முழு பலத்தையும் காட்டி அமுக்கினார், அன்றைக்கு ஒன்றேகால் மணி நேரம் ஆனது. அழுத்தவே அழுத்தாமல் விட்டால் தண்ணீர் தனக்கென்று ஒரு வழி பிடித்துக்கொண்டு அதிலேயே ஓடிவிடும், மீதிப் பொடி சும்மா நனைந்து கிடக்கும்.

தண்ணீர் தளதளவென்று கொதித்ததும் அடுப்பை அணைத்து, அரை நிமிடம் கழித்து முதலில் ஒரு லிட்டர் மட்டும், குடைத்தட்டின் மேல் சுற்றிச் சுற்றி. இந்த ஒரு லிட்டர்தான் பொடி குடிக்கப்போகிற லிட்டர். ஐந்து நிமிடம் மூடி வைக்கிறோம். பொடி ஊறி, உப்பி, அதிலிருக்கிற காற்றெல்லாம் நுரையாக வெளியே வந்துவிடும். அப்புறம் மீதி ஒன்றரை லிட்டரை மறுபடி ஒரு கொதி விட்டு ஊற்றுகிறோம். மொத்தத்தையும் ஒரே மூச்சில் ஊற்றியும் பார்த்தேன், புதுப்பொடியாக இருந்தால் நுரை கிளம்பிக் குடைத்தட்டையே ஒரு பக்கமாகத் தூக்கிவிடுகிறது, தண்ணீர் ஓரமாக இறங்கிவிடுகிறது. இரண்டு தவணையாக ஊற்றினால் அந்தத் தொல்லை இல்லை.

இறங்கும் நேரம் முதல் தண்ணீர் ஊற்றியதிலிருந்து 45 முதல் 50 நிமிடம். இதுதான் எனக்கு முக்கியமான அளவுகோல், ருசி பார்ப்பதற்கு முன்னாலேயே கடிகாரம் சொல்லிவிடும். இந்த அளவில் 30 நிமிடத்துக்குள் இறங்கிவிட்டால் டிகாஷன் தண்ணியாக இருக்கும், ஒரு மணி நேரத்தைத் தாண்டினால் கசப்பு ஏறியிருக்கும், சூடும் போயிருக்கும். எங்கள் பொடி 80க்கு 20, அதாவது கால் கிலோவில் 200 கிராம் காபியும் 50 கிராம் சிக்கரியும். நடுவில் ஒரு வாரம் 60க்கு 40 போட்டுப் பார்த்தேன், அதே அரைப்பு, அதே அளவு, ஆனால் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. சிக்கரி ஈரம் பட்டதும் கொழகொழவென்று ஆகி வழியை அடைக்கிறது. சிக்கரியின் பெரும்பகுதி தண்ணீரில் கரைந்துவிடும் என்பதால் டிகாஷன் பார்க்க இன்னும் கறுப்பாகக் கெட்டியாகத்தான் இருந்தது, அதைப் பார்த்து ஏமாறக்கூடாது. சட்டப்படி காபி சிக்கரி கலவையில் காபி 51 சதவீதத்துக்குக் குறையக்கூடாது, பாக்கெட்டில் விகிதத்தை அச்சிட்டிருக்க வேண்டும், வாங்கும்போது அதைப் படிப்பது நல்லது. நேரத்தை மாற்றும் இன்னொரு விஷயம் அரைப்பு. விரலிடுக்கில் தேய்த்துப் பார்த்தால் கடலை மாவு மாதிரி நைசாகவும் இருக்கக்கூடாது, ரவை மாதிரி நெறுநெறுவென்றும் இருக்கக்கூடாது, இரண்டுக்கும் நடுவில்.

முதல் மாதத்தில் மூன்று முறை டிகாஷன் நின்றுபோனது. மூன்றுக்கும் காரணம் வேறு வேறு, அதனால் விவரமாக எழுதுகிறேன்.

முதல் தடவை ஊற்றி இருபது நிமிடம் நன்றாகச் சொட்டியது, பிறகு ஒரேயடியாக நிறுத்தம். மாஸ்டர் குடைத்தட்டை எடுத்துப் பொடியைக் கரண்டியால் கிளறப் போனார், கையைப் பிடித்து நிறுத்தினேன். கிளறினால் நைசுத் தூள் எல்லாம் அடியில் போய் உட்கார்ந்து மொத்தமாக அடைத்துவிடும். மேல்பாத்திரத்தை ஒரு நூல் அளவு தூக்கிவிட்டுத் திரும்ப வைத்தேன், உஸ்ஸென்று ஒரு சத்தம், மறுபடி சொட்ட ஆரம்பித்தது. விஷயம் என்னவென்றால் புதுப் பாத்திரம், இரண்டும் ஒன்றோடொன்று இறுகப் பொருந்தியிருந்தன. மேலிருந்து டிகாஷன் இறங்க இறங்கக் கீழே இருக்கிற காற்று வெளியே போக வழி வேண்டும், வழியில்லாவிட்டால் அது மேலே எதிர்த்து நிற்கும். இப்போது இரண்டுக்கும் நடுவில் ஒரு மெல்லிய எவர்சில்வர் ஸ்பூனின் காம்பைச் சொருகி வைக்கிறோம். அழகாக இல்லை, ஆனால் வேலை செய்கிறது.

இரண்டாவது தடவை தூக்கிப் பார்த்தும் சொட்டவில்லை. மூடியைத் திறந்தால் தண்ணீர் அப்படியே நிற்கிறது, குடைத்தட்டை நகர்த்திப் பார்த்தால் பொடியின் மேல்பரப்பு வண்டல் மண் மாதிரி வழவழவென்று இருந்தது. இது அரைப்பின் கோளாறு. அன்று காபி அரைக்கிற இடத்தில் எங்களுக்கு முன்னால் யாருக்கோ நைசாக அரைத்துவிட்டு மில்லைத் திருப்பி வைக்காமலே எங்கள் கொட்டையைப் போட்டிருக்கிறார்கள். கடையில் கூட்டம் நின்றுகொண்டிருந்தது. மொத்தத்தையும் கெட்டியான காடாத் துணியில் கொட்டி இன்னொரு பாத்திரத்தில் வடித்துவிட்டோம், பிழியாமல் தானாக வடிய விட்டோம். கொஞ்சம் கலங்கலாக இருந்தது, அடியில் மண்டி தங்கியது, ஆனால் அன்றைய காலை ஓடிவிட்டது. அதிலிருந்து அரைத்து வாங்கும்போதே ஒரு சிட்டிகை விரலில் தேய்த்துப் பார்க்காமல் நகர்வதில்லை.

மூன்றாவது கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. 45 நிமிடம் 50 ஆகி, 55 ஆகி, ஒருநாள் 70. பொடி அதேதான், மாஸ்டரும் அதே மாஸ்டர்தான். காலி மேல்பாத்திரத்தை வெயிலுக்கு எதிரே தூக்கிப் பிடித்துப் பார்த்தபோது தெரிந்தது, ஓட்டைகளில் கால்வாசி இருட்டாக இருந்தன. காபியில் இருக்கிற எண்ணெய் தூளோடு சேர்ந்து ஓட்டையில் பிசின் மாதிரி ஒட்டிக்கொள்கிறது, சாதாரணமாகத் தேய்த்துக் கழுவினால் போகாது. சலவை சோடா ஒரு கரண்டி போட்ட தண்ணீரில் கால் மணி நேரம் கொதிக்கவிட்டு, கையுறை போட்டுக்கொண்டு பிரஷ்ஷால் தேய்த்து, அப்புறம் வெறும் தண்ணீரில் இரண்டு தடவை கொதிக்கவைத்தோம். எல்லா ஓட்டையும் திறந்துவிட்டது. இப்போது வாரம் ஒருமுறை, ஞாயிறு மதியம். ஊசியை விட்டுக் குத்துகிறவர்கள் உண்டு, ஓட்டை பெரிதாகிவிடும், அப்புறம் டிகாஷனில் மண்டி வரும், அதனால் நான் செய்வதில்லை.

டிகாஷன் எவ்வளவு நேரம் தாங்கும் என்பதைத் தெரிந்துகொள்ள ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து குடித்தேன். ஒரு பாத்திரம் டிகாஷனை இறங்கியதும் கலக்கி, மூடி, 70 டிகிரி சுடுநீர் இருக்கிற அகல அண்டாவுக்குள் இறக்கி வைத்தேன். அடுப்பில் நேராக வைக்கவில்லை. அரை மணிக்கு ஒருமுறை புதுப் பாலில் அதே 35 மில்லி கலந்து நானும் மாஸ்டரும் குடித்து நோட்டில் எழுதினோம். ஒன்றரை மணி நேரம் வரை இருவருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. இரண்டு மணி நேரத்தில் வாசனை இறங்கியது, ருசி இருந்தது. மூன்று மணி நேரத்தில் நாக்கின் ஓரத்தில் ஒரு புளிப்பு. நான்காவது மணி நேரத்தில் மாஸ்டர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "இது நம்ம பழைய ஒன்பது மணி காபிண்ணே" என்றார். காபி சூட்டில் நிற்க நிற்க அதில் இருக்கிற சில பொருட்கள் உடைந்து அமிலமாகின்றன, வாசனையோ ஆவியாகிப் போய்க்கொண்டே இருக்கிறது, இரண்டையும் திருப்ப முடியாது. அதே டிகாஷனில் கொஞ்சத்தை எடுத்து நேராக அடுப்பில் வைத்துக் கொதிக்கவிட்டும் பார்த்தேன், இரண்டு நிமிடத்தில் நான்கு மணி நேரத்துக் கெடுதல் அதற்கு வந்துவிட்டது, கூடவே ஒரு கருகல் வாடையும். அதனால் டிகாஷனை எந்தக் காரணத்துக்காகவும் அடுப்பில் காட்டுவதில்லை. சூடு வேண்டுமென்றால் அது பாலில் இருந்து வரட்டும்.

பழைய டிகாஷன் பாலையும் கெடுக்கும். முன்பெல்லாம் பத்தரை மணி காபியில் சில நாள் டம்ளர் ஓரத்தில் பொடிப்பொடியாகத் திரிந்து நிற்கும், பால்காரரோடு எத்தனையோ தடவை சண்டை போட்டிருக்கிறேன். புளித்த டிகாஷனும், காலையிலிருந்து பலமுறை காய்ந்த பாலும் சேர்ந்தால் திரியத்தான் செய்யும். பால்காரரிடம் அதற்காக இன்னும் மன்னிப்புக் கேட்கவில்லை.

ஒன்றரை மணி நேரம் என்று தெரிந்ததும் நேரப் பட்டியல் தானாக வந்துவிட்டது. எங்கள் கடையில் ஆறு மணிக்கும் ஏழுக்கும் நடுவில் 40 காபி, அடுத்த ஒரு மணியில் 50, அதற்கடுத்ததில் 45, கடைசி ஒரு மணியில் 25. முதல் ஃபில்டருக்கு 5 மணிக்குத் தண்ணீர் ஊற்றினால் 5.50க்கு இறங்கிவிடும், அது ஏழு மணி சுமாருக்குத் தீரும். இரண்டாவது ஃபில்டருக்கு 5.50க்கு ஊற்றினால் 6.40க்குத் தயார், எட்டு மணிக்குச் சற்று முன்னால் தீரும். அதற்குள் முதல் ஃபில்டரில் மிச்சமிருக்கிற டிகாஷனை வேறு பாத்திரத்துக்கு மாற்றி, ஃபில்டரைக் கழுவி 6.45க்கு மூன்றாவது தடவை, 7.35க்குத் தயார், ஒன்பதுக்குக் கொஞ்சம் முன் தீரும். நான்காவது 7.45க்கு, 8.35க்குத் தயார், பத்து மணி வரை ஓடும். எந்த டிகாஷனும் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் நிற்பதில்லை. ஒவ்வொன்றும் முந்தியது தீர்வதற்குப் பத்து இருபது நிமிடம் முன்னாலேயே தயாராகிவிடுகிறது, ஏதாவது நின்றுபோனால் சமாளிக்க அந்த இடைவெளி வேண்டும். மாஸ்டருக்கு இதில் ஒரு லாபம், மூன்றரைக்கு எழுந்துகொண்டிருந்தவர் இப்போது நாலரைக்கு எழுந்தால் போதும். ஆரம்பத்தில் "நாலு தடவை யாரு ஊத்தறது" என்று சலித்துக்கொண்டவர் இதைக் கேட்டதும் வழிக்கு வந்துவிட்டார்.

முதல் டிகாஷன் இறங்கியபின் அதே பொடியில் இரண்டாம் டிகாஷன் எடுப்பது எல்லோரும் செய்வதுதான். பொடி ஏற்கெனவே ஊறியிருப்பதால் அரை லிட்டர் ஊற்றினால் அரை லிட்டரும் கீழே வந்துவிடும், அதனால் பார்க்க லாபம் மாதிரி தெரியும். நான் அதை 200 மில்லி அளவுக்கு முதல் டிகாஷனோடு கலந்து பார்த்தேன், யாரும் கண்டுபிடிக்கவில்லை. 500 மில்லி கலந்தபோது பெரியவர் கண்டுபிடித்துவிட்டார். இப்போது இரண்டாம் டிகாஷனைத் தனியாக எடுத்து எங்கள் ஆட்களுக்கான காபிக்கு வைத்துக்கொள்கிறோம், அதில் 60 மில்லி ஊற்றினால் ஏதோ குடிக்கிற மாதிரி இருக்கும். இரண்டாம் டிகாஷனையே மறுபடி கொதிக்கவைத்து அடுத்த ஃபில்டருக்குத் தண்ணீராக ஊற்றுகிற பழக்கமும் உண்டு. ஒருமுறை செய்தேன், கெட்டியாக வந்தது, கசந்தது, விட்டுவிட்டேன்.

பொடியின் புதுமை பற்றியும் சொல்ல வேண்டும். ஒரு நாளைக்கு 2 கிலோ என்பதால் முன்பு வாரத்துக்கு 14 கிலோ ஒரே தடவை வாங்கி, பாய்லர் பக்கத்து அலமாரியில் வைத்திருந்தோம். ஆறாம் நாள், ஏழாம் நாள் பொடி கட்டி கட்டியாக இருக்கும். சிக்கரி காற்றில் இருக்கிற ஈரத்தை இழுக்கும், பாய்லர் ஆவி வேறு. கட்டி விழுந்த பொடி ஒரே சீராக நனையாது, இறங்கும் நேரம் தாறுமாறாகப் போகும். இப்போது வாரத்தில் இரண்டு தடவை வாங்கி, 500 கிராம் பாக்கெட்டுகளாகவே கட்டித் தரச் சொல்லி, சமையல்கட்டுக்கு வெளியே மூடியுள்ள டின்னில் வைக்கிறோம். ஒரு பாக்கெட்டைத் திறந்தால் அது ஒரு ஃபில்டருக்குள் முழுசாகப் போய்விடும், நிறுப்பது சரிபார்க்க மட்டும்தான். அரைத்த சூட்டோடு வந்த பொடியை அன்றைக்கே போடுவதில்லை, அரை நாளாவது விட்டுப் போடுகிறோம், இல்லாவிட்டால் நுரை அதிகம்.

இன்னும் சரியாக வராமல் இருந்தது மாலை வியாபாரம்தான். மூன்று மணியிலிருந்து ஆறு வரை மொத்தமே 20, 25 காபி. அரைக்கிலோ போட்டால் பாதி வீணாகும் என்று 250 கிராமை அதே 18 சென்டிமீட்டர் ஃபில்டரில் போட்டோம், தண்ணீரையும் சரியாகப் பாதியாக்கினோம், இருபது நிமிடத்தில் மொத்தமும் இறங்கிவிட்டது. குடித்தால் சப்பென்று ஒன்றுமில்லாமல் இருந்தது. காலையில் படித்த அதே பாடத்தை மாலையில் மறந்திருக்கிறேன், பொடி இரண்டரை சென்டிமீட்டர் உயரம்தான் நின்றிருக்கிறது, குடைத்தட்டின் கீழே சரியாகப் பரவக்கூட இல்லை. போன வாரம் 13 சென்டிமீட்டர் அகலத்தில் சின்ன ஃபில்டர் ஒன்று வாங்கினேன். 250 கிராம் அதில் 5 சென்டிமீட்டருக்கு நிற்கிறது, 1.25 லிட்டர் தண்ணீர், முதலில் அரை லிட்டர், ஐந்து நிமிடம் கழித்து மீதி. 46 நிமிடத்தில் முக்கால் லிட்டர் இறங்கியது, நேற்றும் 47 நிமிடம். இரண்டு மணிக்கு ஊற்றினால் மூன்று மணிக்குத் தயார், ஆனால் அதில் 21 காபிதான் வரும், நாலரைக்குள் தீர்ந்துவிட்டால் ஆறு மணிக்கு வருகிறவருக்கு இன்னொரு தடவை போடலாமா, இல்லை "காபி தீர்ந்திருச்சு" என்று சொல்லிவிடலாமா என்பதை மாஸ்டரும் நானும் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம்.